வேலையை ஏற்கும் மின்னஞ்சல்: வாசகர் கேள்விகள்

ஆண்டுக்கு 9 லட்சம் என்று ஆஃபர் கடிதம் வந்திருக்கிறது. 'ஏற்கிறேன், நன்றி' என்று பதில் போட்டால் போதாதா? (வேளச்சேரி வாசகி)

போதாது. அந்த 9 லட்சம் சிடிசி, அதாவது நிறுவனம் ஓராண்டில் உங்களுக்காகச் செலவிடும் மொத்தத் தொகை. கைக்கு வருவது வேறு. இணைப்பில் உள்ள சம்பளப் பிரிப்பைத் திறந்து பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 4,50,000, செயல்திறனைப் பொறுத்த தொகை 90,000 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் கட்டும் பிஎஃப் அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம், அதாவது 54,000. கிராஜுவிட்டி அதே அடிப்படையில் 4.81 சதவீதம், 21,645. செயல்திறன் தொகை, பிஎஃப், கிராஜுவிட்டி மூன்றையும் 9 லட்சத்தில் கழித்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 61,200 வருகிறது. உங்கள் பங்கு பிஎஃப் 4,500 போனால் 56,700, வரிகள் தனி. ஒன்பதைப் பன்னிரண்டால் வகுத்து 75,000 என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

மின்னஞ்சலில் கடிதத்தின் தேதி, பதவி, ஆண்டுத் தொகை, அதில் நிலையானது 8,10,000, மாறக்கூடியது 90,000, சேரும் நாள் ஆகியவற்றை எழுதி, 'இதன்படி ஏற்கிறேன்' என்று முடியுங்கள்.

செப்டம்பர் 1 சேரச் சொல்கிறார்கள். எனக்கு நோட்டீஸ் காலம் அக்டோபர் தொடக்கம்வரை இருக்கிறது. 'அக்டோபர் 5 சேர்வதாக ஏற்கிறேன்' என்று எழுதலாமா? (அம்பத்தூர் வாசகர்)

பலர் சறுக்கும் இடம் இதுதான். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 7, ஏற்பு முழுமையாகவும் நிபந்தனையின்றியும் இருக்க வேண்டும் என்கிறது. தேதியை மாற்றி எழுதினால் அது ஏற்பு ஆகாது. நீங்கள் வைக்கும் புதிய முன்மொழிவாகிவிடும். அதற்கு நிறுவனம் மறுப்புச் சொல்லவும் இடமுண்டு.

ஆகவே இரண்டு மின்னஞ்சல்களாகப் பிரியுங்கள். முதலில் காரணத்தைச் சொல்லித் தேதியை மாற்றக் கேளுங்கள். திருத்திய கடிதமோ, மனிதவளத் துறையின் எழுத்துப்பூர்வமான பதிலோ வந்த பிறகு, அதைக் குறிப்பிட்டு ஏற்புக் கடிதம் அனுப்புங்கள். ஆஃபர் காலாவதியாகும் நாள் நெருங்கினால், அந்தக் கெடுவையும் நீட்டிக்கச் சொல்லுங்கள்.

பின்னணிச் சரிபார்ப்பு முடியவில்லை. ராஜினாமா கொடுக்கலாமா? (பெருங்குடி வாசகர்)

ஆஃபர் அந்தச் சரிபார்ப்புக்கு உட்பட்டது என்று கடிதத்தில் இருந்தால், அது சரியாக முடியாதபோது ஆஃபரைத் திரும்பப் பெறலாம். ஏற்பு மின்னஞ்சலிலேயே, 'பின்னணிச் சரிபார்ப்பு மட்டும் நிலுவையில் இருப்பதாகப் புரிந்துகொள்கிறேன். முடிந்ததும் உறுதிப்படுத்துங்கள்' என்று ஒரு வரி சேர்க்கலாம். இது நிபந்தனை அல்ல, அவர்கள் வைத்ததையே திருப்பிச் சொல்வதுதான். சில நிறுவனங்கள் நீங்கள் விலகிய பிறகுதான் தற்போதைய அலுவலகத்தில் விசாரிப்பார்கள். அப்படியென்றால் கல்விச் சான்று, முந்தைய பணி ஆகியவற்றின் சரிபார்ப்பாவது முடிந்ததா என்று கேட்டுவிட்டு ராஜினாமா கொடுங்கள்.

சேரும்போது ஊக்கத்தொகை தருவதாகத் தொலைபேசியில் சொன்னார்கள், கடிதத்தில் காணோம். (கிண்டி வாசகர்)

ஏற்பதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். எவ்வளவு, எந்த மாதச் சம்பளத்துடன், ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டுமா என்ற மூன்றுக்கும் பதில் வரட்டும்.