ஆறு முட்டையில் ஒரு அல்பினோகூட இல்லை, ஏமாற்று வழக்குப் போடலாமா?

"வக்கீல் சார், ஒருவர் அனுப்பிய போட்டோவைப் பார்த்து பால் பைத்தான் என்ற மலைப்பாம்பு, பியர்டட் டிராகன், இகுவானா என்ற பல்லிகள், மூன்றையும் வாங்கினேன். போட்டோவில் இகுவானா நல்ல நீலம், இப்போது பச்சை. டிராகனும் அவ்வளவு சிவப்பாக இல்லை. ஆண் பைத்தானை 'அல்பினோ ஹெட்' என்று சொல்லி, சாதாரணப் பாம்பைவிடப் பல மடங்கு விலை வாங்கினார். வேறு இடத்தில் வாங்கிய அல்பினோ, அதாவது கறுப்பு நிறமி இல்லாத பெண் பாம்போடு அதைச் சேர்த்தேன். ஆறு முட்டை, ஆறும் பொரித்தன, ஆறும் சாதாரண நிறம். கூடப் பிறந்தவர் மாதிரிப் பழகியவர், இப்போது போனே எடுப்பதில்லை. விடக் கூடாது சார்."

அவர் போன் எடுக்காததும் பழகிய விதமும் வழக்குக்கு உதவாது. இகுவானா, டிராகன் இரண்டையும் விட்டுவிடுங்கள். இகுவானா வளர வளர நிறம் மாறும். டிராகன் குளிரில் கறுக்கும், சூடேறினால் வெளுக்கும். "இந்த நிறம் மாறாது" என்று அவர் எழுதித் தராதவரை போட்டோ ஒரு வாக்குறுதி ஆகாது.

உங்கள் வழக்கு ஒரே ஒரு வரியில்தான் நிற்கிறது. பைத்தானைப் பற்றி அவர் எழுதி அனுப்பிய வரி எது? '100% ஹெட்' என்றா, '66% ஹெட்' என்றா, வெறும் 'ஹெட்' என்றா? மார்ஃப் என்பது வேறு இனம் அல்ல, ஒரே இனத்துக்குள் பரம்பரையாக வரும் நிற வகை. ஹெட் பாம்பு பார்க்கச் சாதாரணமாகவே இருக்கும், அல்பினோ மரபணுவில் ஒரு பிரதி மட்டும் உள்ளே இருக்கும், இரண்டு இருந்தால்தான் அல்பினோ நிறம் வெளியே தெரியும். பெற்றோரில் ஒன்று அல்பினோ என்றால் சாதாரண நிறக் குட்டி கட்டாயம் ஹெட், அதுதான் 100%. பெற்றோர் இரண்டும் ஹெட் என்றால், சாதாரண நிறக் குட்டிகளில் மூன்றுக்கு இரண்டுதான் ஹெட்டாக இருக்கும். அதைத்தான் 66% என்று விற்கிறார்கள். அப்படி எழுதியிருந்தால், இல்லாமல் போகவும் வாய்ப்பு உண்டு என்று சொல்லியே விற்றிருக்கிறார். அதோடு உங்கள் கோரிக்கை முடிந்தது.

100% என்று எழுதியிருந்தால் கோரிக்கைக்கு உயிர் உண்டு. ஆனால் ஏமாற்று வழக்கு என்று போகாதீர்கள். விற்கும்போதே பொய் என்று அவருக்குத் தெரியும் என நீங்கள் நிரூபிக்க வேண்டியிருக்கும். அவரே இன்னொருவரை நம்பி வாங்கி விற்றிருக்கலாம். சொன்ன பொருளைத் தரவில்லை, பணத்தைத் திருப்பிக் கொடு என்று கேளுங்கள், போதும்.

உங்கள் ஆறு முட்டையும் முழு ஆதாரம் இல்லை. உண்மையான ஹெட்டை அல்பினோவோடு சேர்த்தால் ஒவ்வொரு முட்டையிலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆறிலும் அல்பினோ வராமல் போக 64-ல் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதைவிடப் பெரிய ஓட்டை அந்தப் பெண் பாம்பு. முன்பு இணைந்த ஆணின் விந்தை அது உடம்பில் வைத்திருந்து பின்னால் பயன்படுத்தக்கூடும். உங்களிடம் வருவதற்கு முன் அது எந்த ஆணோடு இருந்தது என்று எதிர்த்தரப்பு கேட்டால், குட்டிகளுக்கு உங்கள் ஆண்தான் அப்பன் என்று எப்படிக் காட்டுவீர்கள்? அதனால் அடுத்த முறை ஆண் பாம்பு சட்டை உரித்ததும், வேறு பாம்பின் சட்டையோடு கலக்காமல் தேதி எழுதி எடுத்து வையுங்கள். அல்பினோ போன்ற சில மார்ஃப்களுக்கு உரித்த சட்டையிலிருந்தே மரபணுச் சோதனை செய்யும் ஆய்வகங்கள் இருக்கின்றன. அங்கேயும் தெரிந்த மாற்றங்களைத்தான் தேடுவார்கள், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி நான் பயப்படும் விஷயம். நீங்கள் கடிதத்தில் எங்கேயும் காகிதம் பற்றிப் பேசவில்லை. பால் பைத்தானும் பச்சை இகுவானாவும் சைட்டிஸ் என்ற சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை, அனுமதி இல்லாமல் நாட்டு எல்லையைத் தாண்ட முடியாது. பண்ணையில் பிறந்தது, அல்பினோ, எதுவானாலும் மார்ஃபுக்கு விலக்கு கிடையாது. சட்டத்தின் கண்ணில் அது பைத்தான்தான். உள்நாட்டில் வைத்திருக்கவும் பல நாடுகளில் பதிவு வேண்டும், பிறந்த குட்டிகளையும் சேர்க்கச் சொல்லும் சட்டங்கள் உண்டு. பணம் கேட்டுப் போன கட்சிக்காரர்களிடம் எதிர் வக்கீல் கேட்ட முதல் கேள்வி, "இது உங்களிடம் எப்படி வந்தது?" பதில் இல்லாதபோது விலை பற்றிய பேச்சு அங்கேயே நின்றது. விலங்கு பறிமுதல், வழக்கு வாங்கியவர் மேல். விற்றவரும் மாட்டுவார் என்பது உங்களுக்கு ஆறுதல் ஆகாது.

ஆகவே நோட்டீஸ் அனுப்பும் முன் மூன்று விலங்குகளின் ரசீதையும் பதிவையும் எடுத்துக்கொண்டு, உங்கள் ஊரில் வனவிலங்கு வழக்கு நடத்தும் வக்கீலை நேரில் பாருங்கள். குறை இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வழி கேளுங்கள். அதுவரை அந்த ஆறு குட்டிகளை விற்கவோ இனாமாகக் கொடுக்கவோ கூடாது. உரையாடல்களை அழிக்காதீர்கள், அவர் பெயரைப் போட்டு இணையத்தில் திட்டாதீர்கள். "பணம் தராவிட்டால் வனத்துறையில் சொல்வேன்" என்று மிரட்டவும் வேண்டாம், அது தனிக் குற்றமாகிவிடலாம்.

காகிதம் சரியாக இருந்து, '100%' என்ற வரியும் கையில் இருந்தால்கூட, சமரசம் பேசுங்கள் என்பேன். ஹெட் என்பதற்காக நீங்கள் அதிகமாகக் கொடுத்த தொகையை மட்டும் கேளுங்கள், பாம்பு உங்களிடமே இருக்கட்டும். சோதனை முடிவு வந்தபின் அதை அனுப்பி, பணத்தோடு இருவரும் கையெழுத்திட்ட ஒரு பக்க ஒப்பந்தமாக முடித்துக்கொள்ளுங்கள்.