பத்துச் சேலை, ஏழு மணி: கைத்தறி வெளியீட்டுக்கு கேப்ஷன் எழுதுவது பற்றிய கேள்வி பதில்

செல்லூரிலிருந்து ஒரு தங்கை: அக்கா, பரமக்குடியில் நெய்து வாங்கிய பருத்திச் சேலை வருது. மூணு பாவு, ஒரு பாவுக்கு நாலு சேலை. "லிமிடெட் எடிஷன், 12 மட்டும்"னு போடலாமா?

12 என்று எழுதும் முன் சேலைகளைக் கையில் எடுத்து எண்ணுங்கள் தங்கச்சி. தறியிலிருந்து இறங்கிய எண்ணிக்கையும் விற்க முடிகிற எண்ணிக்கையும் ஒன்றாக இருப்பது அபூர்வம். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் முழுக்க விரித்துப் பார்த்தால் முந்தியில் இழை அறுந்த ஒன்று கண்ணில் படும். அதைத் தனியே வைத்து, குறையைச் சொல்லி, விலை குறைத்துப் பிறகு கொடுங்கள். வழக்கமாக வாங்குபவர் யாருக்காவது முன்பே ஒன்று சொல்லியிருப்பீர்கள், அதையும் கழிக்க வேண்டும். மீதி 10.

அந்தப் பத்தையும் நிறவாரியாகப் பிரித்து எழுதுங்கள். இரண்டு பாவு அரக்கு, ஒன்று பச்சை என்றால், மேலே கழித்த இரண்டும் அரக்காக இருக்கும்பட்சத்தில் "அரக்கு 6, பச்சை 4" என்று வரும். வெறும் 10 என்று போட்டால் எட்டுப் பேர் அரக்கு கேட்பார்கள், இரண்டு பேரிடம் "பச்சை எடுத்துக்கிறீங்களா" என்று கெஞ்ச வேண்டியிருக்கும்.

"இனி வரவே வராது" என்பதை மட்டும் தவிருங்கள். அதே நெசவாளர் அடுத்த மாதம் அரக்குப் பாவு போடத்தான் செய்வார். சாயம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும் என்பதால் "இந்தச் சாயத்தில் இவ்வளவுதான்" என்பது உண்மை. அதுவே போதும்.

ஒத்தக்கடை: என் அனுபவத்துல எண்ணிக்கை குறைவா இருந்தா யாரும் பேரம் பேச மாட்டாங்க. அப்போ 10 இருந்தாலும் 5-னு போட்டா என்ன?

பேரம் குறையும் என்பது சரிதான், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் "முடிந்துவிட்டது" என்ற பதில் வாங்கியவர், மறுவாரம் எட்டாவது ஆள் அதே சேலையைக் கட்டிப் போட்டோ போடுவதைப் பார்ப்பார். நம் ஊரில் வாங்குகிறவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். அதன்பிறகு நீங்கள் எழுதும் எந்த எண்ணையும் நம்ப மாட்டார்கள். செய்யாதீர்கள்.

செல்லூர் தங்கையே மறுபடியும்: ஆர்டர் எப்படி எடுக்கணும்? பதிவுலயே ஜீபே கியூஆர் போட்டுடலாமா? போன தடவை அப்படித்தான், சேலையை விட பணம் அதிகமா வந்துடுச்சு.

அதற்குக் காரணமே அந்த கியூஆர்தான். பணம் கட்டும் வழி எல்லோருக்கும் திறந்திருந்தால், பத்துச் சேலைக்குப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் கட்டிவிடலாம். திருப்பி அனுப்புவது உங்கள் வேலையாகிவிடும், மனக்கசப்பும் மிஞ்சும். முதலில் மெசேஜ், பிறகு ஒதுக்கீடு, அதன்பிறகுதான் பணம். இந்த வரிசை கேப்ஷனிலேயே தெரிய வேண்டும். உங்கள் சேலைக்கு நான் இப்படி எழுதுவேன்:

> அரக்கு 6, பச்சை 4. மொத்தம் 10 சேலை.
> வெள்ளிக்கிழமை, 14-ஆம் தேதி, இரவு 7 மணிக்கு ஆர்டர் தொடங்கும். (இந்திய நேரம்)
>
> பரமக்குடி கைத்தறிப் பருத்தி. சேலை 5.5 மீட்டர், ரவிக்கைத் துணி 80 செ.மீ. விலை 2,400 ரூபாய், தமிழ்நாட்டுக்குள் கூரியர் சேர்த்து.
>
> 7 மணிக்குப் பிறகு, பயோவில் உள்ள வாட்ஸ்அப் எண்ணுக்கு நிறம், பெயர், ஊர், பின்கோடு நான்கையும் ஒரே மெசேஜில் அனுப்புங்கள். 7 மணிக்கு முன் வருவது வரிசையில் சேராது. "உங்களுக்கு ஒதுக்கியாச்சு" என்று நாங்கள் சொன்ன பிறகு மட்டும் பணம் அனுப்புங்கள். 30 நிமிடம் காத்திருப்போம், அப்புறம் அடுத்தவருக்குப் போகும். ஒருவருக்கு ஒரு சேலை.

எண்ணிக்கையும் நேரமும் முதல் இரண்டு வரியில் இருப்பதற்குக் காரணம் உண்டு. இன்ஸ்டாகிராம் கேப்ஷனின் தொடக்கத்தை மட்டும் காட்டிவிட்டு மீதியை மடித்துவிடும். நெசவின் பெருமையை முதலில் எழுதினால் நேரம் உள்ளே ஒளிந்துகொள்ளும்.

இனி ஏழு மணிக்கு என்ன நடக்கும் என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் கடைசியாக மெசேஜ் போட்டவர்தான் பட்டியலில் மேலே நிற்பார். மேலிருந்து பதில் சொல்ல ஆரம்பித்தால் கடைசி ஆளுக்கு முதல் சேலை போய்விடும். கீழே இறங்கி, 7.00 என்று காட்டும் இடத்திலிருந்து ஏறி வர வேண்டும். இன்னொரு சிக்கல்: முதலில் அனுப்பியவர் பொறுக்காமல் "இருக்கா?" என்று இன்னொன்று போட்டால் அவர் பட்டியலின் மேலே தாவிவிடுவார், தாமதமாக வந்தவர் போலத் தெரிவார். அதற்குத்தான் அந்த "ஒரே மெசேஜில்". சந்தேகம் வந்தால் உரையாடலைத் திறந்து அவருடைய முதல் மெசேஜின் நேரத்தைப் பாருங்கள். ஒரே நிமிடத்தில் மூன்று பேர் வந்தால் நேரத்தை வைத்துப் பிரிப்பது கஷ்டம், அதை மட்டும் உங்கள் நியாயத்துக்கு விடுகிறேன்.

பணம் வந்ததா என்பதை ஸ்கிரீன்ஷாட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கில் வரவு ஆன பிறகு ஒரு தாளில் பெயரை எழுதுங்கள். பத்து வரி நிரம்பியதும் நிறுத்துங்கள்.

திருமங்கலம்: நாங்க கமெண்ட்ல "புக்"னு போடச் சொல்றோம். அது ஈசியா இருக்கே?

இரண்டு மூன்று சேலைக்கு ஓடும். ஆனால் கமெண்ட்டுகள் எப்போதும் வந்த வரிசையில் தெரிவதில்லை, நேரத்தையும் "1 மணி" என்று சுருக்கித்தான் காட்டும். யார் முந்தி என்று சண்டை வந்தால் காட்ட ஆதாரம் இருக்காது. அவசரத்தில் சிலர் போன் நம்பரை அங்கேயே போட்டுவிடுவார்கள், அது ஊருக்கே தெரியும்.

மேலூர்: ஞாயிறு சாயங்காலம் அஞ்சு மணிக்கு வெச்சிருக்கேன். மாமியார் ராகு காலம்கிறாங்க. இதெல்லாம் யார் பாக்குறா?

உங்கள் மாமியார் சொல்வது சரி, ஞாயிறு 4.30 முதல் 6 வரை ராகு காலம். கல்யாணத்துக்கோ சீருக்கோ எடுப்பவர்கள் பார்க்கத்தான் செய்கிறார்கள், 7 மணிக்குத் தள்ளினால் நீங்கள் இழப்பது ஒன்றுமில்லை. வெறும் "7 மணி" என்று விடாமல் காலையா இரவா என்றும் எழுதுங்கள். இந்திய நேரம் என்பதும் வேண்டும், அப்போது சிங்கப்பூரில் 9.30, துபாயில் 5.30.

பதிவை ஏழு மணிக்குப் போடுவது வேறு தவறு. போட்ட உடனே எல்லோர் கண்ணிலும் படாது. இரண்டு நாள் முன்பே போட்டுவிட்டு, அன்று ஸ்டேட்டஸில் நினைவூட்டுங்கள்.

விளக்குத்தூண்: மேடம், 50 சேலை மொத்தமா வேணும், ரேட் சொல்லுங்க.

நான் சேலை விற்கவில்லை ஐயா, கேப்ஷன் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். கைத்தறியில் 50 என்றால் நெசவாளர் சங்கத்தில் நேரில் பேசி, பாவு போடும் முன்பே சொல்லி வையுங்கள்.

சின்னாளபட்டி: சுங்குடிக்கும் இதே கேப்ஷன் போடலாம்ல? "கைத்தறி சுங்குடி"ன்னே எழுதிக்கிட்டு இருக்கோம்.

அமைப்பு அதேதான். ஆனால் "கைத்தறி" என்பது துணியைப் பற்றிய வார்த்தை, சுங்குடி என்பது முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுவது. விசைத்தறித் துணியில் கையால் முடிச்சுப் போட்டிருந்தால் "கைமுடிச்சுச் சுங்குடி" என்று எழுதுங்கள், அதுவே பெரிய உழைப்பு. மெழுகு அச்சு என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள். மதுரைச் சுங்குடி 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது, அந்தப் பெயருக்கு மரியாதை வேண்டும். கையால் முடிந்ததில் இரண்டு சேலை அச்சு அசலாக ஒன்றுபோல் வராது, அதனால் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து தனிப் போட்டோ போட்டு, நிறத்துக்குப் பதில் எண்ணைக் கேளுங்கள்.

அவனியாபுரம்: வித்து முடிஞ்சதும் பதிவை அழிச்சிடலாமா? பழைய வாடிக்கையாளருக்கு முன்னாடியே குடுக்கிறது நியாயமா?

அழிக்க வேண்டாம். திருத்தி, முதல் வரியில் "10 சேலையும் முடிந்தது, இரவு 7.40" என்று போடுங்கள், மறுநாள் பார்ப்பவர் வீணாக மெசேஜ் அனுப்ப மாட்டார். இரண்டாவதில் ஆளுக்கு ஒரு கருத்து. சிலர் பாதியை ஒதுக்கிவிடுகிறார்கள், புதியவர்கள் அதைக் குறையாகத்தான் சொல்கிறார்கள். எப்படிச் செய்தாலும், ஒதுக்கியதை எண்ணிக்கையில் காட்டாதீர்கள். விற்பனைக்குத் திறப்பது 6 என்றால் கேப்ஷனில் 6.