கெடுவைத் திடீரென்று முன்னால் இழுத்தால் கிராஷிங்கா, ஃபாஸ்ட் டிராக்கிங்கா?

கேள்வி: எங்கள் ஸ்பான்சர் முடிக்கவேண்டிய தேதியை இரண்டு வாரம் முன்னால் கொண்டுவந்துவிட்டார். ஆள் கூட்டச் சொல்கிறார். கிராஷிங் செய்வதா, ஃபாஸ்ட் டிராக்கிங் செய்வதா, எது நல்லது?

"ஆள் கூட்டச் சொல்கிறார்" என்ற இடத்தில்தான் எனக்கு வயிறு எரிந்தது. நீங்கள் ஐடி பக்கம் என்று நினைக்கிறேன். நான் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குள் நடக்கும் கட்டுமான வேலைகளுக்கு ஷெட்யூல் போடுகிறவன். துறை வேறானாலும் கணக்கு ஒன்றுதான். கீழே உள்ள எண்களை எளிமைக்காக முழு எண்ணாக்கியிருக்கிறேன், யாரும் கால்குலேட்டரோடு வரவேண்டாம்.

ஒரு தொழிற்சாலைக்குள் புதிய கிளீன்ரூம், அதாவது தூசி புகாத உற்பத்தி அறை, கட்டும் வேலை. மொத்தம் 60 வேலை நாள். வாடிக்கையாளர் தணிக்கை முன்னால் வந்துவிட்டது என்று ஸ்பான்சர் 48 நாளில் கேட்டார்.

வேலை இரண்டு பாதையாக ஓடியது. முதல் பாதை அறைக்குள்: சுவர்ப் பேனல் 12 நாள், காற்றுக் குழாய் 18, மின்சாரம் 14. இரண்டாவது பாதை பக்கத்து யூட்டிலிட்டி அறையில்: தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரத்துக்கு கான்கிரீட் மேடை போட 8 நாள், அது இறுக 14, இயந்திரத்தை ஏற்றிப் பைப் இணைக்க 17. இரண்டும் சேர்ந்த பிறகு சோதனையும் சான்றிதழும் 16 நாள். அந்த 16-ஐ இரண்டிலும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் முதல் பாதை 60, இரண்டாவது 55. அதாவது இரண்டாவது பாதைக்கு 5 நாள் ஃபுளோட், அவ்வளவு நாள் தாமதமானாலும் முடிவுத் தேதி நகராது. முதல் பாதையில் 5 நாளைக் குறைத்ததும் இரண்டாவதும் கிரிட்டிக்கல் ஆகிவிடும், அதாவது முடிவுத் தேதியை அதுவும் தீர்மானிக்கும். அதன் பிறகு ஒரு நாள் குறைக்க இரண்டு பக்கமும் குறைக்கவேண்டும். ஆள் கூட்டச் சொல்கிற யாரும் இதைப் பார்ப்பதில்லை.

கிராஷிங் என்றால் காசு கொடுத்து நாளை வாங்குவது. ஒவ்வொரு வேலையிலும் ஒரு நாளைக் குறைக்க எவ்வளவு ஆகும் என்று குத்தகையாளர்களிடம் கேட்டேன். சுவர்ப் பேனலுக்கு இரண்டாவது குழு வைத்தால் மூன்று நாள் மிச்சம், நாளுக்கு 2,000 ரிங்கிட். காற்றுக் குழாய்க்கு இரவு ஷிப்ட் வைத்தால் நான்கு நாள், நாளுக்கு 3,500. மின்சாரம் இரண்டு நாள், நாளுக்கு 5,000. சோதனையை எவ்வளவு கொடுத்தாலும் குறைக்க முடியாது. கருவியும் அதைப் பிடிக்கத் தெரிந்த குழுவும் ஒன்றே ஒன்றுதான்.

மலிவானதில் இருந்து ஆரம்பித்தோம். பேனலில் மூன்று நாள், குழாயில் இரண்டு நாள், மொத்தம் 13,000 ரிங்கிட். இரண்டு பாதையும் 55-இல் வந்து நின்றன. ஆறாவது நாளுக்கு கான்கிரீட் மேடையைத் தொட்டே ஆகவேண்டும். கான்கிரீட் இறுகுவதை ஆள் போட்டு வேகப்படுத்த முடியாது. சீக்கிரம் வலுப்பெறும் கலவைக்கு மாறலாம், கான்கிரீட் கட்டியை நசுக்கி வலுவைப் பார்க்கும் கியூப் சோதனையும் கூடுதலாகச் செய்யவேண்டும். அதற்கு 8,000 ரிங்கிட், நான்கு நாள் மிச்சம். ஆனால் கலவையைப் பாதி மாற்ற முடியுமா? ஒரு நாள் வேண்டுமென்றாலும் முழுப் பணம்தான். ஆக முதல் நாளின் விலை 2,000, ஆறாவது நாளின் விலை குழாயும் கலவையும் சேர்ந்து 11,500. குழாயின் மிச்ச இரண்டு நாளையும் மின்சாரத்தின் இரண்டு நாளையும் வாங்கியபோது மொத்தம் 38,000 ஆகி, 51 நாளில் நின்றோம்.

இந்த விலைப் பட்டியலை ஸ்பான்சரிடம் அப்படியே நாள் வாரியாகக் காட்டினேன். 'முடியும்', 'முடியாது' என்று பேசாமல், ஆறாவது நாள் வேண்டுமா என்று கேட்டேன். அந்த ஒரு வரியில் அவர் நிறைய நேரம் நின்றார். பிறகு வேண்டும் என்றார். பணம் அவருடையது.

மிச்ச மூன்று நாளுக்குத்தான் ஃபாஸ்ட் டிராக்கிங், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டிய வேலைகளை ஒரே நேரத்தில் ஓட விடுவது. காசு செலவில்லாததால் இதைத்தான் முதலில் செய்யவேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு, கருத்துப் பெட்டியில் வருவார்கள் என்று தெரியும். என் அனுபவத்தில் அதன் செலவு பிறகு வருகிறது, அதனால் கடைசியாக வைக்கிறேன். எல்லா வரிசையையும் உடைக்கவும் முடியாது. கான்கிரீட் இறுகாமல் சில்லரை ஏற்ற முடியாது. அது இயற்கையின் வரிசை. குழாய் முழுவதும் முடிந்த பிறகுதான் மின்சாரம் என்பது நாம் வசதிக்காகப் போட்ட வரிசை. அதைத்தான் உடைக்கலாம்.

யூட்டிலிட்டி அறையில் மேடை இறுகும்போதே பைப்புகளை வெளியே பட்டறையில் வெல்டிங் செய்தோம். இயந்திரம் சரியாக எங்கே உட்காரும் என்று முன்கூட்டியே தெரியாது என்பதால், கடைசித் துண்டை மட்டும் நீளமாக விட்டு, சைட்டில் அளந்து வெட்டினோம். மூன்று நாளும் கிடைத்தது.

கிளீன்ரூமில் அப்படி இல்லை. ஒரு பகுதியில் குழாய் முடிந்ததும் அங்கே மின்கம்பிகளைத் தாங்கும் கேபிள் டிரே தொங்கவிட ஆரம்பித்தோம், அடுத்த பகுதியில் குழாய் வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, கிளீன்ரூமுக்குள் வரவேண்டிய இயந்திரத்தின் விற்பனையாளர் அதன் புகைபோக்கி இடத்தை மாற்றினார். குழாய் கீழே இறங்கவேண்டியதாயிற்று, அதன் அடியில் மாட்டியிருந்த டிரேயைக் கழற்றிப் புதிதாக மாட்டினோம். மிச்சம் பிடித்த மூன்று நாளில் இரண்டு போனது. வேலை 50 நாளில் முடிந்தது. 48 கிடைக்கலாம், 51-க்கு மேல் போகாது என்று முன்னதாகவே எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்திருந்ததால் யாரும் கத்தவில்லை.

இந்தச் சிக்கலை முன்னாலேயே கண்டுபிடிக்க வழி உண்டா? உண்டு. முந்தைய வேலையின் வரைபடம் இன்னும் திருத்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். உறைந்துவிட்ட வரைபடத்தின் மேல் அடுத்த வேலையை ஏற்றினால் ஆபத்து குறைவு. புதிய திருத்த எண் வந்துகொண்டே இருந்தால், ஒரே இடத்துக்கு ஒரே குழு திரும்பத் திரும்பப் போகும்.

இன்னொன்று: இரண்டாவது குழு, இரவு ஷிப்ட், ஃபாஸ்ட் டிராக்கிங் மூன்றும் ஒரே அறையில் சேர்ந்தால் கூரைக்குள் ஏறவே இடம் இருக்காது. தூக்கும் மேடைகள் ஒன்றுக்கொன்று வழி விட்டே பாதி நாள் போகும். மலேசியத் தொழில் சட்டத்திலும் ஓவர்டைமுக்கு மாதம் 104 மணி என்ற வரம்பு இருக்கிறது, தாண்டி விரட்டலாம் என்று நினைக்காதீர்கள்.

அப்புறம் ஒரு மனக்குறை. அந்த இரவு ஷிப்ட்டைச் செய்தவர் நம்மூர்ச் சிறு குத்தகையாளர், வயதில் மூத்தவர். "தம்பி, ஸ்பான்சர் சொன்ன தேதி எல்லாம் எனக்கு வேண்டாம்பா, என் ஓவர்டைம் பில்லுக்கு மட்டும் ஒரு தேதி சொல்லு" என்றார். முதன்மைக் குத்தகையாளர் பல மாதம் இழுத்தார். பணம் கொடுக்காதவர்களை நடுவரிடம் கொண்டுபோக 2012-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. ஆனால் போனால் அடுத்த வேலை வராது என்று பயந்து எல்லோரும் வாய் மூடிக்கொள்கிறோம். அந்த 38,000 ரிங்கிட்டில் நல்ல பங்கு அவருடைய ஆட்களின் கூலி. உங்கள் பட்டியலில் கிராஷிங் விலை எழுதும்போது, அது எந்த நாளில் யார் கைக்குப் போகும் என்றும் ஒரு பத்தி போடுங்கள்.