ஓய்வு பெறும் மேற்பார்வையாளரின் பிரியாவிடைப் பேச்சு: கேள்வி பதில்

டர்பன் வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் பணியாளர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பிரிவு உபசாரக் கூட்டங்களை நடத்துவதும், பேசப் போகிறவர்கள் எழுதி வருவதைத் திருத்திக் கொடுப்பதும் அந்த வேலையில் ஒரு பகுதி. உங்கள் கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி (டர்பனுக்கு வடக்கே, சர்க்கரை ஆலை ஷிப்ட் மேற்பார்வையாளர்): அக்கா, இந்த அரைவைப் பருவம் முடிந்ததும் ஓய்வு பெறுகிறேன். என் ஷிப்டில் ஏழு பேர். சாற்றைச் சுண்டவைக்கும் எவாப்பரேட்டரில் இருக்கும் ஒருவருக்கும் எனக்கும் பல வருஷமாக ஒத்துப்போகவில்லை. ஒரு இரவு சாம்பிளில் சர்க்கரை தெரிந்தது என்று என்னிடம் சொல்லாமலே, கொதிகலனுக்குப் போகும் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிட்டார். அரைவை குறைந்தது. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தேன், அவர் யூனியனுக்குப் போனார், அதிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பருவம் முடிந்து திறந்தபோது குழாயில் கசிவு இருந்தது உண்மை. ஆனால் என்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்பதில் நான் இன்றும் மாறவில்லை. பேச்சில் அவரை என்ன செய்வது?

பதில்: அவர் பெயரைச் சொல்லுங்கள், அந்த இரவையும் சொல்லுங்கள். கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

ஏழு பேரில் ஆறு பேரை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் அரங்கம் முழுக்க ஏழாவது ஆளைத்தான் திரும்பிப் பார்க்கும். உங்கள் இருவர் கதை ஆலைக்கே தெரியும். ஆகவே விட்டுவிடுவதும் ஒரு பேச்சுத்தான். அதே சமயம் அவரை மட்டும் மற்றவர்களைவிட நீளமாகப் புகழ்ந்தாலும் எல்லோரும் காது கொடுப்பார்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று வாக்கியம் என்றால் அவருக்கும் மூன்றே வாக்கியம்.

வரிசையிலும் கவனம் வேண்டும். கடைசியில் வைத்தால் 'இதற்குத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தாரா' என்று தோன்றும். சாறு போகும் வழியிலேயே போங்கள்: அரைவை, தெளிவிப்புத் தொட்டி, எவாப்பரேட்டர், பாகு காய்ச்சும் பேன், கடைசியில் சென்ட்ரிஃபியூஜ். அவர் தானாக நடுவில் வந்துவிடுவார். யார் முன், யார் பின் என்ற கேள்வியே எழாது.

இனி என்ன சொல்வது என்பது. குணத்தைப் பற்றிப் பேசாதீர்கள். 'நேர்மையானவர், உறுதியானவர்' என்றால் அந்த உறுதி உங்களை எதிர்த்தபோது காட்டியது என்று எல்லோரும் நினைப்பார்கள். அவர் செய்த ஒரு வேலையைச் சொல்லுங்கள், அங்கிருப்பவர்கள் கண்ணால் பார்த்த வேலையை. அது உங்கள் கதையிலேயே இருக்கிறது. எவாப்பரேட்டரிலிருந்து கொதிகலனுக்குத் திரும்பும் தண்ணீரில் சாறு கலந்தால் உள்ளே அது அமிலமாகிக் குழாயை அரிக்கும், நுரைத்து நீராவியோடு ஏறும். அதனால்தான் சாம்பிளில் ஆல்ஃபா நாஃப்தால் விட்டு, கந்தக அமிலத்தை ஓரமாக ஊற்றிப் பார்க்கிறார்கள். ஊதா வளையம் கண்டால் சர்க்கரை இருக்கிறது. அதைப் பார்த்தவர் தண்ணீரைத் திருப்பியது சரியான வேலை. உங்களைக் கூப்பிடாதது வேறு விஷயம். இரண்டும் ஒரே இரவில் நடந்ததால் ஒன்றைச் சொல்லும்போது மற்றதையும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று இல்லை.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"எவாப்பரேட்டரில் நிற்பவருடைய கண்ணை நம்பித்தான் நம் கொதிகலன் ஓடுகிறது. ஒரு இரவு சாம்பிளில் ஊதா வளையம் தெரிந்ததும் இவர் தண்ணீரைத் திருப்பினார், பருவம் முடிந்து திறந்தபோது கசிந்த குழாயை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த இரவுக்கு என் நன்றி."

இதில் 'ஆனாலும்' இல்லை, 'எங்களுக்குள் சில கருத்து வேறுபாடுகள் இருந்தாலும்' இல்லை. அந்தத் தொடர் வந்த நிமிஷம் பின்னால் வரும் நன்றி யார் காதிலும் ஏறாது. 'எனக்குப் பொறுமை கற்றுக்கொடுத்தவர்' என்பதையும் தொடாதீர்கள். கூட்டம் சிரிக்கும், அவர் சிரிக்க மாட்டார்.

எழுதியதும் விழாவுக்குச் சில நாள் முன்பு அந்த மூன்று வாக்கியத்தை அவரிடம் காட்டுங்கள். அலுவலகத்துக்குக் கூப்பிடாதீர்கள், அது விசாரணை போல இருக்கும். ஷிப்ட் மாறும் நேரத்தில் அவர் நிற்கும் இடத்துக்கு நீங்கள் போங்கள். 'இதைச் சொல்லப் போகிறேன், உனக்குச் சம்மதமா?' அவ்வளவுதான். பழைய கணக்கை அங்கே திறக்க வேண்டாம். வேண்டாம் என்று அவர் சொன்னால் பெயரை விட்டுவிட்டு 'எவாப்பரேட்டர் பகுதி' என்று சொல்லி வேலையை மட்டும் குறிப்பிடுங்கள். அப்படியானால் மற்ற ஆறு பேரையும் பகுதியின் பெயரால்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி (சாட்ஸ்வர்த்): அக்கா, இவ்வளவு சுற்றி வளைப்பானேன்? மேடையிலேயே 'மன்னித்துவிடு தம்பி' என்று சொல்லிக் கட்டிப்பிடித்தால் முடிந்தது. என் பெரியப்பா அப்படித்தான் செய்தார், எல்லோரும் அழுதார்கள்.

பதில்: மன்னிப்பு கேட்பது நல்லதுதான் என்பதில் நீங்கள் சொல்வது சரி. இடம்தான் தப்பு. மேடையில் கேட்டால் அவருக்கு ஒரே பதில்தான் உண்டு, எழுந்து வந்து கட்டிப்பிடிக்க வேண்டும். உட்கார்ந்தே இருந்தால் கல்நெஞ்சன் என்று பெயர் வரும். நீங்கள் நாளையிலிருந்து வீட்டில் இருப்பீர்கள், அவர் திங்கட்கிழமை அதே ஆட்களோடு வேலைக்குப் போக வேண்டும். உங்கள் பெரியப்பாவும் அந்தத் தம்பியும் முன்பே பேசி முடித்திருந்தால் கதை வேறு. அப்படி இல்லாமல் முதல் மன்னிப்பே மைக்கில் வரக் கூடாது.

இன்னொன்று, முதல் கேள்வி கேட்டவர் தான் செய்தது தப்பு என்று நினைக்கவில்லை. நினைக்காததை மேடைக்காகச் சொன்னால் கூட வேலை செய்தவர்களுக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க், தமிழ்ப் பள்ளி ஆசிரியை): பேச்சில் ஒரு குறள் வைத்தால் அழகாக இருக்குமே. 'இன்னா செய்தாரை ஒறுத்தல் அவர்நாண நன்னயஞ் செய்து விடல்' இதற்கென்றே எழுதியது போல இருக்கிறது.

பதில்: இந்தச் சூழலில் இதைவிடப் பொருந்தாத குறள் இல்லை, அம்மா. அதைச் சொன்னால் அவர் இன்னா செய்தவர், நீங்கள் நன்னயம் செய்தவர், அவர் நாண வேண்டும் என்று மூன்றும் சேர்ந்து வந்துவிடும். பக்கத்தில் உள்ள ஜூலு நண்பர் அர்த்தம் கேட்பார், யாராவது சொல்லியும் கொடுப்பார்கள். குறள் வேண்டும் என்றால் 'தினைத்துணை நன்றி செயினும் பனைத்துணையாக் கொள்வர் பயன்தெரி வார்' இருக்கிறது. நூற்று நான்காவது. அதையும் அவர் பெயருக்குப் பக்கத்தில் வைக்காமல் எல்லோருக்குமான நன்றியில் வையுங்கள். ஒருவருக்கு மட்டும் என்றால் அவர் செய்த உதவி தினையளவுதான் என்று ஆகிவிடும்.

கேள்வி (மெரிபேங்க், யூனியன் பிரதிநிதி): ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். எச்சரிக்கைக் கடிதத்தை எதிர்த்து சிசிஎம்ஏ என்ற தொழில் தகராறு சமரச ஆணையத்துக்குப் போக 90 நாள் அவகாசம் உண்டு. வழக்கு நடந்துகொண்டிருந்தால் அந்த மூன்று வாக்கியமே ஆதாரம் ஆகிவிடாதா? எல்லார் கையிலும் போன் இருக்கிறது.

பதில்: நல்ல கேள்வி. சமரசப் பேச்சில் உள்ளே சொல்வது வெளியே வராது, மேடையில் சொல்வதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 'தண்ணீரைத் திருப்பியது சரி' என்று மேற்பார்வையாளரே சொன்ன வீடியோ இருந்தால் தொழிலாளி பக்கம் அதைக் காட்டத்தான் செய்யும். வழக்கு திறந்திருந்தால் அந்த இரவை விட்டுவிட்டு வேறு ஒரு வேலையை எடுங்கள் என்பது என் கருத்து. ஆனால் உண்மையாகவே நன்றி சொல்ல விரும்புகிறவர் வழக்குக்குப் பயந்து வாயை மூடுவது நியாயமா என்று கேட்டால், அதற்கு என்னிடம் முடிந்த பதில் இல்லை. உங்களைப் போன்றவர்கள் சொல்லலாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2022 மார்ச்சில் வந்த பணியிடத் துன்புறுத்தல் நெறிமுறை வேலை தொடர்பான விழாக்களுக்கும் பொருந்தும். நோக்கம் கெட்டதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 'சும்மா வேடிக்கைக்குச் சொன்னேன்' என்பது உங்களைக் காப்பாற்றாது. கடிதம், விசாரணை, மருத்துவ விடுப்பு எதுவும் மைக்கில் வரவே கூடாது.

கேள்வி (ஃபீனிக்ஸ்): எங்கள் கம்பெனியில் ஓய்வு பெறுகிறவருக்கு எல்லோரும் பணம் போட்டுப் பரிசு வாங்குகிறோம். நான்தான் அந்த ஒத்துப்போகாத ஆள். பணம் கொடுக்க வேண்டுமா? பேச்சில் என்னை இழுத்தால் என்ன செய்வது?

பதில்: கேள்வி மறுபக்கத்திலிருந்து வருகிறது, வரட்டும். பணம் கட்டாயம் கிடையாது. ஆனால் கொடுப்பதாக இருந்தால் மற்றவர்கள் போடும் அளவே போடுங்கள். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

பேச்சில் நல்லபடி சொன்னால் உட்கார்ந்த இடத்திலேயே தலையசையுங்கள், மற்றவர்களோடு கைதட்டுங்கள். மேடைக்குப் போக வேண்டியதில்லை. குத்தலாகச் சொன்னால் அங்கேயே பதில் பேசாதீர்கள், எழுந்தும் போகாதீர்கள். அன்றிரவே என்ன சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார் என்று எழுதி வையுங்கள். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதைப் பிறகு நிதானமாக முடிவு செய்யலாம்.

கேள்வி (முதலில் கேட்ட சர்க்கரை ஆலைக்காரர்): அக்கா, சொன்னபடி எவாப்பரேட்டருக்குப் போய்க் காட்டினேன். படித்துவிட்டு, 'அன்றைக்கு உங்களுக்கு இரண்டு தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை' என்றார். எனக்கு அப்படி எந்த அழைப்பும் வரவில்லை. இப்போது என்ன செய்வது? பேச்சு மொத்தம் எவ்வளவு நேரம் இருக்கலாம்?

பதில்: யார் சொல்வது சரி என்று இத்தனை வருஷம் கழித்து உங்களால் தீர்க்க முடியாது, பேச்சுக்கு அது தேவையும் இல்லை. அவர் அந்த மூன்று வாக்கியத்தை வேண்டாம் என்றாரா? நீங்கள் எனக்கு எழுதியதில் அது இல்லை. அதை மட்டும் நேராகக் கேளுங்கள். சரி என்றால் ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே படியுங்கள். போன் விஷயத்தை உங்கள் இருவரோடு விட்டுவிடுங்கள்.

நேரம் ஐந்து நிமிஷம் போதும். ஏழு பேருக்கும் சேர்த்து மூன்று நிமிஷம் ஆகும், மீதி குடும்பத்துக்கும் ஆலைக்கும். தாளைப் பார்த்தே படியுங்கள். மனப்பாடமாகப் பேசப் போனால் நடுவில் உணர்ச்சிவசப்பட்டு அந்த 'ஆனாலும்' வாயில் வந்துவிடும்.