நல்லூர்ப் பக்கம் மூன்று இரவு: ஹோம்ஸ்டே பில்லில் எது நியாயம், எது இல்லை?

கோண்டாவிலில் எங்கள் வீட்டு இரண்டு அறைகளை நான்கு வருடம் பயணிகளுக்குக் கொடுத்திருக்கிறேன். இப்போது கொழும்பில் இருப்பதால், ஊருக்குப் போனால் நானே காசு கொடுத்துத் தங்குகிறேன். போன மாதம் கணவரோடு நல்லூர்ப் பக்கம் ஒரு ஹோம்ஸ்டேயில் மூன்று இரவு இருந்தேன். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வீட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை.

"அக்கா, ஒரு இரவு 7,500 என்று போட்டிருந்ததாகச் சொன்னீர்கள். கடைசியில் எவ்வளவு கொடுத்தீர்கள்?"

மூன்று இரவுக்கு 22,500 ரூபாதான் வரவேண்டும். வெளிக்கிடும் காலையில் கையில் தந்த துண்டில் 35,550 என்று இருந்தது. ஏசிக்கு இரவுக்கு 1,500 படி 4,500. காலைச் சாப்பாடு ஆளுக்கு 800 படி 4,800. நேரத்தோடு அறை தந்ததற்கு 1,500. கடைசி வரியில் "வரி, சேவை" என்று பத்து வீதம், அதாவது 2,250.

முதலில் நியாயமானதைச் சொல்கிறேன். நாங்கள் இரவு பஸ்ஸில் விடிய ஐந்தரைக்கு வந்து இறங்கினோம். அறை நேரம் பகல் ஒரு மணிக்குத்தான் தொடங்கும். எங்களுக்காக முதல் நாள் இரவே அந்த அறையைக் காலியாக வைத்திருந்தார்கள். அந்த 1,500ஐப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

சாப்பாட்டில் பிழை இரண்டு பக்கமும் உண்டு. வீட்டு அம்மா முதல் நாள் பின்னேரம் வந்து, "காலமை என்ன சாப்பிடுவியள், புட்டோ இடியப்பமோ?" என்று அன்பாகக் கேட்டார். விலையை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்படிக் கேட்கும்போது விருந்தாளிக்குச் சமைப்பது போலவே இருக்கும், காசுக் கதை எடுக்கக் கூச்சம் வரும். இடியப்பமும் சொதியும் சம்பலும் அருமை, 800க்குக் குறையில்லை. முழுக்கக் கொடுத்தேன். ஆனால் அந்தக் கூச்சத்தில்தான் யாழ்ப்பாணத்து ஹோம்ஸ்டேக்களில் பாதி மறைமுகக் கட்டணம் உருவாகிறது. "அம்மா, சாப்பாடு எவ்வளவு வரும்?" என்று முதல் நாளே கேளுங்கள். யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள்.

ஏசிக்குத்தான் வாதாடினேன். முன்பதிவுப் பக்கத்தில் "ஏசி அறை" என்றே போட்டிருந்தார்கள், தனிக் கட்டணம் என்று ஓரிடத்திலும் இல்லை. ஆனாலும் அவர்கள் ஏன் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும். யூனிட் கூடக் கூட ஒவ்வொரு யூனிட்டின் விலையும் கூடும். இரண்டு அறையில் இரவு முழுக்க ஏசி ஓடினால் வீட்டுக்காரரின் சொந்தப் பாவனையும் சேர்ந்து மேல் படிக்குப் போய்விடும். எங்கள் வீட்டில் நானும் அந்தப் பில்லைக் கட்டியிருக்கிறேன். அதனால் பாதிக்குச் சம்மதித்தேன். 2,250 கொடுத்தேன். கட்டணம் கேட்பது பிழையில்லை, பக்கத்தில் எழுதாமல் கேட்பதுதான் பிழை.

"வரி என்றால் கட்டத்தானே வேணும்? வாட் இப்ப 18 வீதம். உங்களிடம் பத்துத்தானே எடுத்திருக்கினம், லாபம்!"

வாட் 18 வீதம் என்பது சரி, 2024 ஜனவரியிலிருந்து அப்படித்தான். ஆனால் அதை வாங்கும் உரிமை பதிவு செய்தவருக்கு மட்டும்தான். கட்டாயப் பதிவு, வருட விற்பனை பல கோடி ரூபாவைத் தாண்டினால்தான் வரும். இரண்டு அறை வைத்திருக்கும் வீடு அந்தப் பக்கமே போகாது. பதிவில்லாதவர் வரி என்று வாங்கினால் அந்தக் காசு அரசுக்குப் போகாது, அவர் கையிலேயே நிற்கும்.

நான் சண்டை பிடிக்கவில்லை. துண்டைத் தந்தவரிடம், "தம்பி, வாட் இலக்கம் போட்ட பற்றுச்சீட்டு ஒன்று தாங்கோ, நான் வேலையிடத்தில் காட்ட வேணும்" என்று கேட்டேன். உள்ளே போய் வந்து அந்த வரியை வெட்டிவிட்டார். முடிவில் கொடுத்தது 31,050.

சேவைக் கட்டணம் வேறு கதை. அதை முன்பதிவுப் பக்கத்தில் எழுதியிருந்தால் கொடுக்கத்தான் வேண்டும். அதனால் முன்பதிவு செய்யும்போது விலைக்குக் கீழே உள்ள சின்ன எழுத்தைப் படித்து, போனில் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். பிறகு விலையை மாற்றி எழுதினாலும் உங்களிடம் சாட்சி இருக்கும்.

"நான் தங்கின இடத்தில் வங்கி அட்டையால் கட்டினால் 3 வீதம் கூட என்றார்கள். குடுத்திட்டன்."

அட்டைக்கு மேலதிகமாக அறவிடுவது, வங்கியோடு அவர்கள் செய்த ஒப்பந்தத்துக்கு மாறானது. அட்டை இயந்திரத்தை அவர்களுக்குக் கொடுத்த வங்கியிடம் பற்றுச்சீட்டோடு முறையிடலாம்.

"துப்புரவு எப்படி? நான் போன வருசம் தங்கின வீட்டில் குழாய், ஷவர் எல்லாம் வெள்ளையாய்ப் படிஞ்சு கிடந்தது. ஊத்தை வீடு எண்டு இரண்டு நட்சத்திரம்தான் போட்டனான்."

தம்பி, அது ஊத்தை இல்லை, சுண்ணாம்பு. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் அந்தக் கல்லுக்குள் இருந்துதான் வருகிறது. எவ்வளவு தேய்த்தாலும் சில நாளில் திரும்பப் படியும். எங்கள் வீட்டு ஷவரைப் புளியும் வினாகிரியும் போட்டு நான் தேய்த்த தேய் எனக்குத்தான் தெரியும். முடிந்தால் அந்த மதிப்பெண்ணைத் திருத்துங்கள். சின்ன வீட்டுக்கு இரண்டு நட்சத்திரம் பெரிய அடி.

பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. தலையணை உறையைக் கழற்றி உள் தலையணையைப் பாருங்கள். குளியலறை நீர் போகும் துளையில் மணம் வருகிறதா, நுளம்பு வலையில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். நான் தங்கிய வீட்டில் விரிப்பு நல்ல வெள்ளை, உள்ளே தலையணை மஞ்சள். அதை மதிப்பீட்டிலும் எழுதினேன்.

குடிக்கும் தண்ணீரைத்தான் கட்டாயம் கேட்க வேண்டும். சுண்ணாம்புக்கல்லில் மலகூடக் குழியின் நீர் கிணற்றுக்கு வேகமாகப் போய்ச் சேரும், பார்வைக்குத் தண்ணீர் பளிங்கு போல இருக்கும். கொதிக்க வைத்ததா, போத்தலா என்று கேளுங்கள்.

"அக்கா, எனக்கும் கொக்குவிலில் வீடு சும்மா கிடக்கு, நான் கனடாவில். ஆளை வைச்சு ஹோம்ஸ்டே நடத்தலாமோ?"

இது வேறு விஷயம் அண்ணா. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு செய்ய வேண்டும், முதலில் அவர்களோடு கதையுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: வீட்டுக்காரர் இல்லாத ஹோம்ஸ்டேயில் கட்டணத் தகராறு வந்தால் வேலையாள் முடிவெடுக்க மாட்டார், உங்களுக்கு அங்கே நடுச்சாமத்தில் போன் வரும்.

"நல்லூர்த் திருவிழாவுக்கு வரப்போறம். 'கோயிலிலிருந்து 300 மீட்டர்' எண்டு போட்ட வீட்டை எடுக்கலாமா?"

எடுக்கலாம். ஆனால் 25 நாளும் கோயிலைச் சுற்றி வீதிகளை மறித்திருப்பார்கள். ஆட்டோ தடுப்போடு நிற்கும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். "தடுப்புக்கு உள்ளேயா வெளியேயா?" என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள், வயதானவர்கள் வந்தால் வெளியே எடுங்கள். அந்த நாட்களில் பல வீடுகளில் மச்சம் சமைக்கவும் விடமாட்டார்கள், வெளியிலிருந்து கொண்டுவரவும் விடமாட்டார்கள். அதை வீட்டுக்காரரின் குறையாக எழுதாதீர்கள். நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ போகத்தான் வருகிறீர்கள் என்றால், காலையில் குறிகட்டுவான் பஸ் பிடிக்க வேண்டியிருக்கும். பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருப்பதே வசதி.

"நான் தனியாய்ப் போன பெண். வீட்டு ஆக்கள் வந்து இருந்து, எந்த ஊர், ஆற்றை பிள்ளை, கலியாணம் முடிச்சாச்சோ எண்டு கேள்விக்கு மேல் கேள்வி. ஒன்பதுக்குக் கேற்றும் பூட்டு. இதுக்கு நட்சத்திரம் குறைக்கக் கூடாதோ?"

கேள்விகளுக்கு நான் குறைக்க மாட்டேன், தங்கச்சி. எங்கள் ஆச்சிமார் தெருவில் போகிறவரையும் அப்படித்தான் விசாரிப்பார்கள். தட்டாமல் அறைக்குள் வந்தால், நீங்கள் இல்லாத நேரம் பையை நகர்த்தினால் தயங்காமல் குறைப்பேன். கேற் பூட்டும் நேரம் முன்பே சொல்லாவிட்டால் அது குறைதான், திறப்பு ஒன்று தந்திருக்க வேண்டும்.

"இல்லை அக்கா, எனக்கு அந்தக் கேள்விகள்தான் ஏசிக் காசை விடப் பெரிய கஷ்டம். நான் குறைச்சுத்தான் போடுவன்."

சரி. போடுங்கள். ஆனால் அவர்கள் என்ன கேட்டார்கள் என்பதை அப்படியே எழுதுங்கள். வாசிக்கிறவர்களில் சிலருக்கு அது பிரச்சினையாக இருக்கும், சிலருக்கு இருக்காது.