நுகர்வோர் கேள்வி-பதில்: கேஷ் அவுட் பொத்தானில் போகும் பணம்

கேள்வி: ஒரு கால்பந்து அணி வெல்லும் என்று 3.00 விலையில் 20 பவுண்ட் கட்டினேன். எழுபதாவது நிமிடத்தில் அந்த அணி 1–0 என முன்னிலையில் இருந்தபோது, ஆட்டம் முடியும் முன்பே பந்தயத்தை முடித்துப் பணம் எடுக்கும் கேஷ் அவுட் பொத்தானில் 44 பவுண்ட் வந்தது, எடுத்துவிட்டேன். அப்போது திரையில் அந்த அணியின் வெற்றிக்கு 1.18, ‘டிரா அல்லது எதிரணி வெற்றி’ என்பதற்கு 4.50 என்று விலை இருந்தது. 44 நியாயமான தொகையா? (ஈஸ்ட் ஹாம், லண்டன்)

பதில்: இல்லை. ஏறக்குறைய மூன்றரைப் பவுண்ட் குறைவு. விலைகளையும் குறித்து வைத்து எழுதியதற்கு நன்றி, அவை இருப்பதால்தான் கணக்கைக் காட்ட முடிகிறது.

நூறை விலையால் வகுத்தால் வாய்ப்பு தெரியும். 1.18 என்ற விலை, அந்த அணி வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 85 என்று சொல்கிறது. 4.50 என்பது எதிர்ப்பக்கத்துக்கு 22 என்கிறது. இரண்டையும் கூட்டினால் நூறுக்குப் பதிலாக 107 வருகிறது. அந்த மிகையான ஏழுதான் புக்மேக்கரின் லாப விகிதம். அதை இருபக்கமும் பங்கிட்டுக் கழித்தால் உங்கள் அணியின் வாய்ப்பு 79 சொச்சம் என்று தெரியும். அணி வென்றால் உங்கள் பந்தயச் சீட்டுக்கு, கட்டிய 20-இன் மூன்று மடங்காக, 60 பவுண்ட் கிடைக்கும் என்பதால், அந்த நிமிடத்தில் சீட்டின் மதிப்பு சுமார் 47.50 பவுண்ட். உங்களுக்குக் கிடைத்ததோ 44.

இதே கணக்கை வேறு பக்கமிருந்து பார்த்தால்தான் விஷயம் உறைக்கும். அதே நிமிடத்தில் ஒரு புது ஆள் வந்து, அந்த அணி வென்றால் தனக்கு 60 பவுண்ட் வேண்டும் என்று கேட்டிருந்தால், 1.18 விலையில் அவர் 50.85 பவுண்ட் கட்டியிருக்க வேண்டும். அவருக்கு 50.85-க்கு விற்கும் அதே சீட்டை உங்களிடமிருந்து 44-க்கு வாங்கியிருக்கிறார்கள். விற்கும்போது வாய்ப்பு 85 என்றும், வாங்கும்போது 73 என்றும் ஒரே நிறுவனம் ஒரே நேரத்தில் சொல்கிறது. கேஷ் அவுட் என்பது உங்கள் சீட்டை அவர்கள் குறித்த விலைக்கு அவர்களிடமே திருப்பி விற்பது, அவ்வளவே. திரையில் தெரியும் விலையை வைத்து 60-ஐ வகுத்துத் தந்தால் அவர்களுக்கு நட்டம் என்பதால், லாப விகிதத்தை மறுபக்கம் திருப்பிப் போட்டு, அதற்கு மேலும் கொஞ்சம் பிடித்துக்கொண்டுதான் தொகையைக் காட்டுகிறார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் எல்லாம் கொடுத்து ஒரு சங்கிலி வாங்கினேன். அவசரத்துக்கு மூன்றே வாரத்தில் அதே கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனபோது, கொடுத்த சேதாரம் போனது போக, பழைய நகை என்று மேலும் ஒரு கழிவு போட்டார்கள். அன்று அந்தக் கடைக்காரர் எடையையும் அன்றைய விலையையும் கழிவையும் தனித்தனியே தாளில் எழுதிக் காட்டினார். பந்தயச் செயலிகள் அந்த மூன்று வரியைக்கூடக் காட்டுவதில்லை என்பதுதான் என் நெடுநாள் ஆத்திரம். பச்சைப் பொத்தானில் ஒரே ஒரு தொகை மட்டும் மின்னுகிறது. அது எந்த வாய்ப்பைக் கொண்டு கணக்கிடப்பட்டது, எவ்வளவு பிடித்தார்கள் என்று எங்கும் இல்லை. கழிவைப் பொத்தானுக்குக் கீழேயே எழுத வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும்.

அதுவரை உங்கள் கையில் ஒரு சோதனை இருக்கிறது. கிடைக்கக்கூடிய மொத்தத் தொகையை எதிர்ப்பக்க விலையால் வகுத்து, வருவதை அந்த மொத்தத்திலிருந்து கழியுங்கள். உங்களுக்கு 60-ஐ 4.50-ஆல் வகுத்தால் 13.33. அந்தத் தொகையை எதிர்ப்பக்கம் கட்டியிருந்தால், ஆட்டம் எப்படி முடிந்தாலும் 46.67 நிச்சயம். கேஷ் அவுட் இதைவிடக் குறைவாக இருந்தால் பொத்தானைத் தொடாதீர்கள். ஆனால் அந்த 13.33 கணக்கில் உடனே இருக்க வேண்டும், நீங்கள் கட்டி முடிப்பதற்குள் விலையும் மாறக்கூடாது.

கேள்வி: ஆட்டம் தொடங்கவே இல்லை, விலையும் மாறவில்லை. 20 பவுண்ட் கட்டிய மறுநிமிடம் கேஷ் அவுட் 18.40 என்கிறது. கோளாறா? (ஹாரோ)

பதில்: கோளாறில்லை. கட்டும்போது ஒரு லாபம், திருப்பி வாங்கும்போது இன்னொரு லாபம், குறைந்த 1.60-இல் இரண்டும் சேர்ந்திருக்கின்றன.

கேள்வி: பெனால்டி கொடுத்த உடனே பொத்தான் சாம்பல் நிறமாகிவிட்டது. நான் எடுக்க நினைத்த 90 பவுண்டை இழப்பீடாகக் கேட்கலாமா? (டூட்டிங்)

பதில்: முடியாது. கேஷ் அவுட் எந்நேரமும் கிடைக்கும் என்று உறுதியில்லை என விதிகளில் எழுதியிருக்கும், அதை ஏற்றுக்கொண்டுதான் கணக்குத் தொடங்கியிருக்கிறீர்கள். பெனால்டி, கோல், சிவப்பு அட்டை என வாய்ப்பு தலைகீழாகும் நொடிகளில் விலையை நிறுத்திவைப்பதே அவர்களுடைய முதல் தற்காப்பு. அவசரத்துக்கு உதவும் என்று நம்பித் தாங்க முடியாத தொகையைக் கட்டுவது உங்கள் தவறு.

கேள்வி: 310 பவுண்டுக்குக் கேஷ் அவுட் செய்தேன். ‘வெற்றி’ என்று செய்தி வந்தது, இருப்பிலும் ஏறியது. மறுநாள் ‘விலைப் பிழை’ என்று திரும்ப எடுத்துக்கொண்டார்கள். (குரோய்டன்)

பதில்: உங்களுக்கு நேர்ந்தது வருத்தத்துக்குரியது, இதை விடாதீர்கள். வெளிப்படையான பிழையைத் திருத்தும் உரிமை விதிகளில் இருக்கும். ஆனால் அது உண்மையிலேயே வெளிப்படையான பிழையா என்பதை அவர்கள் விளக்கியாக வேண்டும். அந்த நிமிடத்து ஸ்கோர், பந்தய எண், உறுதிச் செய்தியின் படம் ஆகியவற்றை இன்றே எடுத்து வையுங்கள். எந்த விலைக்குப் பதில் எந்த விலை வந்திருக்க வேண்டும் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். மேலே சொன்ன சோதனையைப் போட்டுப் பார்த்து, 310 என்பது அன்றைய விலைகளுக்கு ஒட்டிய தொகைதான் என்றால் அதையும் புகாரில் எழுதுங்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டாலோ, அதற்கு முன்பே இறுதி மறுப்பு வந்தாலோ, அந்த நிறுவனம் குறிப்பிடும் சமரச அமைப்புக்கு, பெரும்பாலும் ஐபாஸ், கட்டணமின்றிப் போகலாம். சூதாட்ட ஆணையம் தனிநபர் பணத் தகராறுகளைத் தீர்ப்பதில்லை. ஆயினும் உரிமம் பெற்ற நிறுவனம் இப்படி நடந்தது என்று அதற்கும் தெரிவியுங்கள்.

கேள்வி: அப்படியானால் கேஷ் அவுட் எடுப்பவர்கள் எல்லாரும் ஏமாளிகளா? (மில்டன் கீன்ஸ்)

பதில்: அல்லர். 2015–16 பருவத்தில் லெஸ்டர் சிட்டி பிரீமியர் லீக்கை வெல்லும் என்று 5000-க்கு 1 விலையில் 50 பவுண்ட் கட்டிய ஒருவர், பருவம் முடியும் முன்பே சுமார் 72,000 பவுண்டுக்கு விலகினார். காத்திருந்தால் இரண்டரை லட்சம். ஒரு குடும்பத்தின் நிலையை மாற்றும் தொகை கைக்கெட்டும்போது, கழிவு கொடுத்தாவது அதைப் பத்திரப்படுத்துவதில் பிழையில்லை. அவரை யாரும் குறை சொல்லக்கூடாது. இருபது பவுண்ட் சீட்டுக்கு அந்த நியாயம் பொருந்தாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் பதறி எடுத்த சிறு தொகைகளை ஒரு பருவம் முழுக்கக் குறித்து வைத்தபோது, கழிவில் போனது மட்டுமே இரண்டு மாத மின்கட்டணத்துக்குச் சமமாக இருந்தது.

கேள்வி: என் கணவர் மாலை முழுக்கக் கட்டுவார், கேஷ் அவுட் செய்வார், உடனே திரும்பக் கட்டுவார். ‘நான் தோற்பதே இல்லை, பாதியில் எடுத்துவிடுகிறேன்’ என்கிறார். ஆனால் பணம் கரைகிறது. (பெயர் வேண்டாம்)

பதில்: அம்மா, அவர் சொல்வதும் நீங்கள் பார்ப்பதும் இரண்டுமே உண்மை. கட்டும்போதும் எடுக்கும்போதுமாகச் சுற்றுக்கு எட்டு விழுக்காடு போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பந்தயத்தில்கூடத் தோற்காதவர் போலத் தோன்றினாலும், 100 பவுண்ட் ஐந்தே சுற்றில் சராசரியாக 66 ஆகிவிடும். ஆட்டம் முடியும்வரை முடங்கியிருக்க வேண்டிய பணத்தைப் பாதியிலேயே விடுவித்து மறுபடியும் பந்தயத்துக்குள் கொண்டுவருவதால், இந்தப் பொத்தான் நிறுவனத்துக்கு இரட்டை லாபம். அவர் சம்மதித்தால் கேம்ஸ்டாப் என்ற சுயத்தடைப் பதிவேட்டில் அவரே பதிவு செய்யட்டும். பிரிட்டன் உரிமம் பெற்ற இணைய நிறுவனங்கள் அனைத்தும் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை அவரைத் தடுத்துவிடும். தெருவில் இருக்கும் பந்தயக் கடைகளுக்கு அது பொருந்தாது என்பதால், வங்கி அட்டையில் சூதாட்டத் தடையையும் போடச் சொல்லுங்கள். அவர் சம்மதிக்கும்வரை நீங்கள் தனியாகத் தவிக்க வேண்டாம். 0808 8020 133 என்ற இலவச சூதாட்ட உதவி எண்ணில், குடும்பத்தினர் அழைத்தாலும் பேசுகிறார்கள்.