தேதி குறித்த இரவில் மட்டும் தளரும் உடல்

"திருமணமாகி எட்டு மாதம். வீட்டில் தினமும் 'விசேஷம் உண்டா?' என்று கேட்கிறார்கள். கருமுட்டை வெளிவரும் நாட்களில் மட்டும் எனக்கு விறைப்பு நிற்பதில்லை. எனக்குக் குறையா?"

காலையில் விழிக்கும்போது விறைப்பு இருக்கிறதா? மற்ற நாட்களில் சிக்கல் இல்லையா? அப்படியானால் ரத்தக் குழாய்களும் நரம்புகளும் பெரும்பாலும் நலமாகவே இருக்கின்றன. விறைப்புக்கு ஆணுறுப்பின் தசைகள் தளர்ந்து ரத்தம் நிறைய வேண்டும். 'இன்று தவறக் கூடாது' என்ற பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் அதே தசைகளை இறுக்கிவிடுகிறது. ஒருமுறை தவறினால், அடுத்த மாதம் அந்த நினைவே பதற்றத்தைத் தொடங்கிவைக்கும்.

எனவே நாள் பார்ப்பதை நிறுத்துங்கள். விந்தணு பெண்ணுடலில் 5 நாள் வரை உயிருடன் இருக்கக்கூடும். இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை இணைந்தாலே போதும். மனைவி நாட்களைக் கணக்கிட்டாலும் உங்களிடம் சொல்ல வேண்டாம்.

மனைவிக்கு 35 வயதுக்குள் என்றால், ஓராண்டு முயன்ற பிறகே பரிசோதனை தேவைப்படும். கேட்பவர்களுக்கு அதையே சொல்லுங்கள். உங்கள் பெற்றோரிடம் நீங்களே பேசுங்கள், மனைவியை அனுப்பாதீர்கள். காலை விறைப்பும் குறைந்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம், டெஸ்டோஸ்டிரோன் பார்க்க மருத்துவரிடம் செல்லுங்கள். கடையில் நீங்களாக விறைப்பு மாத்திரை வாங்க வேண்டாம். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவருக்கு அது ஆபத்து.